சர்க்கரை போட்ட டீ கொட்டிய லேப்டாப்: பதினோரு நாள் கதை

அண்ணாநகர் கணக்கு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நீங்களும் சொல்லுங்கள்.

மதுரையில் வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். போன மாதம் 19ஆம் தேதி சாயங்காலம். மறுநாள் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள், அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று கணக்கு பார்ப்பவர்களுக்குத் தெரியும். அத்தை டீ கொண்டுவந்து வைத்தார்கள். பால் டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பையன் சார்ஜர் வயரில் கால் தட்டி விழப்போனான், அரை டம்ளர் டீ கீபோர்டின் வலது பக்கம் போய்விட்டது.

சார்ஜரைப் பிடுங்கினேன். பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடித்தேன். துண்டை விரித்து, லேப்டாப்பைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்தேன். கால் மணி நேரம் சொட்டியது. மறுநாள் வேலையை அண்ணன் மகன் லேப்டாப்பில் முடித்தேன். என் லேப்டாப்பைக் கொழுந்தனார் சொல்படி அரிசி டிரம்மில் புதைத்தோம்.

மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரி. தப்பித்தோம் என்றிருந்தேன். ஐந்தாம் நாள் என்டர் பட்டன் ஓரத்திலிருந்து எறும்பு வரிசை கட்டி வந்தது. எட்டாம் நாள் நல்ல மழை. அன்றைக்கு L, O இரண்டும் அழுத்தினால் மேலே எழவே யோசித்தன. பதினோராம் நாள் P தானாகவே pppppp என்று ஓட ஆரம்பித்தது, பாஸ்வேர்டுகூடப் போட முடியவில்லை. வெயில் அடித்த மத்தியானங்களில் கொஞ்சம் தேவலை, ராத்திரி மோசம். காய்ந்து போன டீ இத்தனை நாள் கழித்து ஏன் வேலையைக் காட்டுகிறது?

உசிலை வாத்தியார்

அம்மா, எனக்கும் நடந்தது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, லேப்டாப்பை அணைத்துவிட்டு, கீபோர்டு மேலேயே கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஓடுகிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். சானிடைசரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், பிசுக்கு இன்னும் கூடும்.

மேலூர்க்காரன்

இதுக்குப் போய் ஆல்கஹாலா? என் கீபோர்டில் மோர் கொட்டியது. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளை எல்லாம் சோப்புத் தண்ணியில் அலசி, கொடியில் துணி மாதிரி காயப்போட்டேன். புதுசு மாதிரி ஆயிடுச்சு.

அண்ணாநகர் கணக்கு

தம்பி, உங்களுடையது தனியாக வயர் வைத்த கீபோர்டா?

மேலூர்க்காரன்

ஆமாக்கா. ஓ, நீங்க லேப்டாப்பு சொல்றீங்களா. சரி சரி.

சிம்மக்கல் சர்வீஸ்

அக்கா, நான் பதினாலு வருஷமாக லேப்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி: உங்கள் கீபோர்டு மேல் கொட்டியது என்ன?

உசிலை வாத்தியார்

வரக்காப்பி. எனக்குச் சுகர், சர்க்கரை போட மாட்டேன்.

சிம்மக்கல் சர்வீஸ்

அதான் ஐயா தப்பித்தீர்கள். ஆல்கஹாலில் சர்க்கரை கரையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பூன் சீனியை நீங்கள் சொன்ன 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், அதாவது ஐபிஏ-யில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் அப்படியே கிடக்கும். சர்க்கரையைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும். ஐபிஏ-யின் வேலை அப்புறம் வருகிறது: மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். பால் கொழுப்பையும் ஓரளவு எடுக்கும். முதலில் தண்ணீர், பிறகு ஐபிஏ. நிறையப் பேர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு, சுத்தம் செய்தும் ஒட்டுகிறதே என்று கொண்டுவருகிறார்கள்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். டீயில் இருந்த தண்ணீர்தான் காய்ந்தது, சர்க்கரை எங்கேயும் போகவில்லை. பட்டனுக்கு அடியில் பாகாக உட்கார்ந்துவிட்டது. கடலை மிட்டாய் வெயில் காலத்தில் மொறுமொறு என்று இருக்கும், மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் பிசுபிசுக்கும் இல்லையா, அதேதான். காற்றில் ஈரம் கூடினால் பாகு இளகும். இளகினால் மின்சாரத்தையும் கடத்தும். மத்தியானம் தேவலை, ராத்திரி மோசம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே சர்க்கரை உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எறும்பு வேறு சாட்சி சொல்லிவிட்டது. அரிசி இதில் ஒன்றும் செய்யாது. சார்ஜர் ஓட்டையில் அரிசிக் குருணையோடு வந்த லேப்டாப்பை எல்லாம் ஊசியால் தோண்டியிருக்கிறேன்.

இன்னொன்று. பட்டனை அழுத்தி அணைத்தது சரிதான், ஆனால் பேட்டரி உள்ளேயே மாட்டியபடி மூன்று நாள் இருந்திருக்கிறது. அணைத்த லேப்டாப்பிலும் போர்டில் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடத்தில் செம்பு பச்சையாகப் பூக்கும். பின் மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரை விரல் நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ எடுத்துவிட வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். திறக்கத் தெரியாவிட்டால் அன்றைக்கே தெரிந்தவரிடம் கொடுங்கள். போட்டுப் பார்ப்போமே என்று ஆன் செய்வதுதான் பாதி லேப்டாப்பைக் கொல்கிறது.

பென்குவின் பாண்டி

pppp தொல்லைக்கு மட்டும் ஒரு வழி. நான் உபுண்டு வைத்திருக்கிறேன். வெளி கீபோர்டை யுஎஸ்பி-யில் மாட்டிக்கொண்டு, உள் கீபோர்டைக் கட்டளை போட்டுத் துண்டித்து விடுவேன். பட்டியலில் `AT Translated Set 2 keyboard` என்று இருப்பதன் எண்ணைப் பார்த்துப் போடுங்கள். என்னுடையது 12.

```
xinput list
xinput float 12
```

எக்ஸ்11-இல் மட்டும்தான் நடக்கும், வேலண்டில் நடக்காது. மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும்.

சிம்மக்கல் சர்வீஸ்

நல்ல யோசனைதான் தம்பி. ஆனால் அக்கா வீட்டில் விண்டோஸாக இருக்கும். எப்படியும் பின் மூடியைத் திறக்கத்தானே போகிறோம், கீபோர்டின் பட்டை வயரை அதன் பூட்டை நிமிர்த்தி உருவிவிட்டால் எந்தச் சிஸ்டமானாலும் p வராது. அந்தப் பூட்டு ரொம்ப மெல்லிசு, அவசரப்பட்டால் உடையும்.

அண்ணாநகர் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனோடு உட்கார்ந்து செய்தேன். அவனுக்கு இதெல்லாம் பழக்கம். எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

பின் மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுத்தோம். போர்டில் வலது மூலையில் பழுப்பாக ஒரு கோடு மட்டும் காய்ந்திருந்தது, பச்சை இல்லை. அதை மெதுவான பிரஷ்ஷால் சிம்மக்கல் சார் சொன்ன வரிசையிலேயே துடைத்தோம். பிறகு மூடியை மாட்டாமல் கீபோர்டுக்கு வந்தோம்.

முதலில் கீபோர்டை போனில் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு வலது பக்கம் 16 பட்டன்களைக் கழற்றினோம். என் மாடலில் மேல் ஓரத்தை நெம்பினால் வருகிறது, எல்லா மாடலும் அப்படி இல்லையாம். என்டர், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் தொடவில்லை. அவற்றுக்கு அடியில் கம்பி ஒன்று இருக்கும், திரும்ப மாட்டுவது பெரும்பாடு என்றான். கழற்றிய பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டோம், அவை வெறும் பிளாஸ்டிக்தானே.

தண்ணீருக்குத்தான் அலைச்சல். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். பேட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினோம்.

சிம்மக்கல் சர்வீஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அங்கே "பேட்டரி தண்ணி" என்று மட்டும் கேட்காதீர்கள். சில கடையில் ஆசிட் கலந்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அண்ணாநகர் கணக்கு

படித்துத்தான் வாங்கினோம். காது குடையும் பட்ஸை அதில் நனைத்து, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டோம். அண்ணன் மகன் லேப்டாப்பைக் கீபோர்டு கீழே பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தான், நான் அடியிலிருந்து துடைத்தேன். கரைந்த சர்க்கரை மறுபடி உள்ளே இறங்கக் கூடாதே. முதல் பட்ஸ் எல்லாம் பழுப்பாக, புளித்த பால் வாடையோடு வந்தன. பழுப்பு நிற்கும் வரை மாற்றி மாற்றித் துடைத்ததில் ஐம்பதுக்கு மேல் போயிருக்கும். அப்புறம் ஐபிஏ-யில் நனைத்து ஒரு சுற்று. அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தோம், அத்தையை விளக்கேற்றுவதைத் தள்ளிப்போடச் சொன்னோம். அது பற்றிக்கொள்ளும் சமாச்சாரம்.

ஹேர் டிரையர் காட்டலாமா என்று கேட்டேன், பட்டன் கால்கள் வளைந்துவிடும் என்று தடுத்தான். ஃபேன் அடியில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு, திங்கள் சாயங்காலம் பட்டன்களை மாட்டினோம். K-யின் கீழிருக்கும் கத்தரிக்கால் ஒன்று உடைந்துவிட்டது, அது என் கைவரிசை.

இப்போது L நன்றாக எழுகிறது. p ஓடுவதும் நின்றுவிட்டது. ஆனால் O-வும் 9-ம் துள்ளலாக அழுந்துகின்றன, எழுத்து மட்டும் வரவே இல்லை. அடியில் இன்னும் சர்க்கரையா?

சிம்மக்கல் சர்வீஸ்

இல்லை அக்கா. பட்டன் மெதுவாக எழுந்தால் சர்க்கரை. நன்றாக எழுந்தும் எழுத்து வராவிட்டால், அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று சேர்ந்து வராவிட்டால், உள்ளே இருக்கும் தாளில் கோடு அரித்துவிட்டது என்று அர்த்தம். கீபோர்டுக்குள் மூன்று பிளாஸ்டிக் தாள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அதில் மை போட்டு அச்சடித்த மாதிரி மெல்லிய கோடுகள், ஒரே கோட்டில் பல பட்டன்கள். டீ அந்தத் தாள்களுக்கு நடுவே ஊர்ந்து போயிருக்கும், பட்ஸ் அங்கே போகாது. கீபோர்டையே மாற்ற வேண்டியதுதான்.

மேலூர்க்காரன்

என் மாதிரி தாளைப் பிரித்து அலசினால்?

சிம்மக்கல் சர்வீஸ்

உங்களுடையது ஸ்க்ரூ போட்டது தம்பி. லேப்டாப்பில் பெரும்பாலும் தாளை ஒட்டியிருப்பார்கள், பிரித்தால் கிழியும். நான் பிரிக்க மாட்டேன். பிரித்து, கோட்டின் மேல் வெள்ளி மை தடவி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை நாள் தாங்குகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை.

உசிலை வாத்தியார்

மாற்றச் செலவு அதிகம் ஆகுமோ?

சிம்மக்கல் சர்வீஸ்

பின்னால் ஸ்க்ரூ போட்ட கீபோர்டு என்றால் அரை மணி வேலை. பல புது மாடல்களில் பிளாஸ்டிக் குமிழை உருக்கி மேல் தட்டோடு சேர்த்திருப்பார்கள். அதை உடைத்து மறுபடி ஒட்டுவதா, தட்டோடு மாற்றுவதா என்பதைப் பொறுத்துக் கூலி மாறும். எதைச் செய்யப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய கீபோர்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், உடையாத பட்டன் கால்கள் அதில் கிடைக்கும், யாருக்காவது உதவும்.

அண்ணாநகர் கணக்கு

என்னுடையது உருக்கி வைத்ததுதான், அண்ணன் மகன் டார்ச் அடித்துக் காட்டினான். சனிக்கிழமை டவுன் ஹால் ரோடு போய் இரண்டு கடையில் விசாரிக்கிறேன். அதுவரை யுஎஸ்பி கீபோர்டு. டீயை அத்தை இப்போது ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள்.