68 வயதில் சிகரெட்டை விட்டபிறகு அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது

நிலாவெளி மகள்:
அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். நாற்பது வருடமாக ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். ஒரு வருடமாக மறதி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் விட்டார், அதன்பிறகு மறதியும் எரிச்சலும் கூடிவிட்டன. "இந்த வயதில் விட்டு என்ன பயன், திரும்பக் குடிக்கட்டும்" என்கிறான் தம்பி. என்ன செய்வது?

கடலோடி:
தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தங்கச்சி. நிகோடின் மூளையைக் கூர்மையாக்கும். புகைப்பவர்களுக்கு அல்சைமர் குறைவு என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். எங்கள் அப்பப்பா 91 வயது வரை சுருட்டுப் பிடித்தார். கரைவலையில் எந்தக் கயிறு யாருடையது என்று கடைசிவரை பிசகாமல் சொல்வார்.

ஓய்வுபெற்ற தாதி:
கடலோடி அண்ணா, நீங்கள் வாசித்தது பழைய கதை. ஒரு ஊரில் மறதி நோயாளிகளை எண்ணிப் பார்த்தால் அதில் புகைப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். மறதி வரும் வயதுக்கு முன்பே அவர்களில் பலர் மாரடைப்பிலும் புற்றுநோயிலும் போய்விடுகிறார்கள். உங்கள் அப்பப்பாவோடு சுருட்டுப் பிடித்த எத்தனை பேர் 91 வரை இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் புகைப்பவர்களுக்குத்தான் மறதி நோய் அதிகம். புகை மூளையின் சின்ன இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது, அது பெரிய காரணம்.

நிகோடின் கவனத்தைக் கொஞ்ச நேரம் கூட்டும் என்பது உண்மைதான். அதனால்தான் விட்ட முதல் சில வாரம் மனம் ஒரு இடத்தில் நிற்காது. சொன்னது காதில் விழாமலே போகும், வீட்டார் அதை மறதி என்று எண்ணுவார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தணியும். மகள், அப்பா வேறு என்ன குளிசை எடுக்கிறார்?

கணக்கு ஆசிரியர்:
தாதி அம்மா, தம்பியின் கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். அமெரிக்காவில் 2020இல் வந்த ஆய்வில், விட்டு ஒன்பது வருடமோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குத்தான் ஆபத்து, புகைக்காதவர் அளவுக்கு இறங்கியிருந்தது. அண்மையில் விட்டவர்களுக்கு இறங்கவில்லை. 68உம் 9உம் 77. அதுவரை காத்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி:
ஒன்பது வருடம் என்பது புகைக்காதவரோடு ஒப்பிடும்போது. இவர் ஒப்பிட வேண்டியது, தொடர்ந்து குடித்தால் தான் எப்படி இருப்பார் என்பதோடு. கொரியாவில் அறுபது தாண்டிய 46,000 ஆண்களைப் பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. விட்டு நான்கு வருடம் தாண்டியவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட மறதி நோய் 14 சதவீதம் குறைவு. 2025இல் பன்னிரண்டு நாடுகளை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்விலும், நடுவயதிலோ பிந்தியோ விட்டவர்களின் ஞாபகம் அடுத்த ஆறு வருடத்தில், விடாதவர்களைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சரிந்தது.

கணக்கு ஆசிரியர்:
இந்த ஆய்வுகள் எதிலும் சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரிக்கவில்லையே. விடுபவர் நடக்கவும் தொடங்குவார், பிரஷர் குளிசையும் ஒழுங்காக எடுப்பார். லாபம் எதனால் வந்தது?

ஓய்வுபெற்ற தாதி:
அது நல்ல கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் வருத்தம் வந்தபிறகு பயந்து விடுபவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் சேரும்போது விட்டதன் லாபம் குறைவாகத் தெரியும். பிழை இரண்டு பக்கமும் இழுக்கிறது.

சாம்பல்தீவு மருமகள்:
எங்கள் மாமி சிகரெட் தொடுவதில்லை, வெற்றிலைக்குள் புகையிலை வைத்துத்தான் சப்புவார். அப்போ அவருக்கு மறதி வராதுதானே?

ஓய்வுபெற்ற தாதி:
இந்த ஆய்வுகள் புகையைப் பற்றியவை பிள்ளை, அதை வைத்து மாமிக்குப் பதில் சொல்ல முடியாது. வாய்ப்புற்றுநோயை நினைத்து அவர் வாயை ஒருமுறை காட்டுங்கள்.

நிலாவெளி மகள்:
அப்பா முட்டுக்குத் தியோபிலின் எடுக்கிறார், இரவில் நெஞ்சு இடிக்கிறது என்கிறார். கை நடுங்குகிறது, நித்திரை இல்லை. அதையும் சிகரெட் இல்லாத தவிப்பு என்றே நினைத்தேன்.

ஓய்வுபெற்ற தாதி:
நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சிகரெட் புகை, ஈரல் அந்த மருந்தைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டும். புகை நின்றதும் வேகம் குறையும், அதே குளிசை இரத்தத்தில் தேங்கும். நடுக்கம், படபடப்பு, குமட்டல், குழப்பம் எல்லாம் அதிலிருந்தும் வரலாம், முற்றினால் வலிப்பு வரும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், விட்ட தேதியை டொக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று ஆள் தெரியாமல் பேசினாலோ, மயங்கி மயங்கி விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ நாளைவரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரி.

கடலோடி:
இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. திரும்பக் குடித்தால் அந்த நடுக்கம் நின்றிருக்குமே, நாங்களும் சிகரெட்தான் மருந்து என்று நம்பியிருப்போம்.

நிலாவெளி மகள் (பத்து நாள் கழித்து):
தியோபிலின் அளவைக் குறைத்தார்கள். கை நடுக்கம் நின்றுவிட்டது, நித்திரை கொள்கிறார், எரிச்சலும் தணிந்திருக்கிறது. பழைய மறதி அப்படியே இருக்கிறது, நேற்றும் சந்தையில் எதற்கு வந்தோம் என்று நின்றார். பி12, தைரொயிட் பார்க்க இரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஞாபகப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் திகதி. இன்னும் சிகரெட்டைத் தொடவில்லை. தம்பிக்கு ஆசிரியர் சொன்ன ஒன்பது வருடக் கணக்குத்தான் இன்னும் பெரிதாகப் படுகிறது.