கத்தார் வேலைக்கு ஏஜென்ட் கேட்கும் 1,50,000 ரூபாய்: எத்தனை மாதத்தில் அடையும்?

கோத்தகிரி அண்ணன்: என் தம்பிக்குக் கத்தாரில் துப்புரவுப் பணி வந்திருக்கிறது. சம்பளம் 1,000 ரியால், சாப்பாட்டுக்கு 300, இரண்டு வருட ஒப்பந்தம். ஏஜென்ட் 1,50,000 கேட்கிறார், மூன்று வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அவன் செலவும் வீட்டுச் செலவும் போக மாதம் 10,000 கடனுக்கு ஒதுக்கலாம். எத்தனை மாதத்தில் அடையும்?

குன்னூர் வாசகர்: வகுத்துப் பார்த்தால் 15 மாதம் வருகிறது. வட்டியையும் சேர்த்து 17 என்று வைத்துக்கொண்டாலும் ஒப்பந்தத்தில் ஏழு மாதம் மிச்சம் இருக்கும். பச்சைத் தேயிலை விலையை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். தைரியமாக அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: குன்னூர் நண்பர் வட்டியைக் கணக்கில் சேர்த்தது சரி, ஆனால் அதன் கனத்தைக் குறைத்து எடை போட்டுவிட்டார். நூற்றுக்கு மூன்று ரூபாய் என்றால் முதல் மாத வட்டி மட்டும் 4,500. தம்பி அங்கே இறங்கி, மருத்துவப் பரிசோதனை முடிந்து, அடையாள அட்டை வந்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் சம்பளம் ஊருக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாத வட்டியும் ஏறி, கடன் 1,59,000 ஆகிவிடுகிறது.

அதன் பிறகு முதன்முதலாகக் கட்டும் 10,000 ரூபாயில் 4,770 வட்டிக்கே போய்விடும். அசல் 5,230 மட்டுமே குறையும். இப்படியே ஒரு மாதமும் தவறாமல் 12 மாதம் கட்டி, மொத்தம் 1,20,000 ரூபாய் கொடுத்த பிறகும் ஏறக்குறைய 85,000 ரூபாய் பாக்கி நிற்கும். முழுவதும் அடைய 22 தவணை ஆகிறது. ஆரம்பத்து இரண்டு மாதத்தையும் சேர்த்தால் 24. அவனுடைய ஒப்பந்தமும் 24 மாதம்தான். ஒரு மாதச் சம்பளம் தாமதமானாலோ, ஒருமுறை உடம்புக்கு முடியாமல் போனாலோ, கடனோடுதான் திரும்பி வருவான்.

ஒதுக்கும் தொகை கொஞ்சம் குறைந்தாலும் காலம் எப்படி நீள்கிறது என்பதையும் பாருங்கள். 10,000 ரூபாய்க்குப் பதிலாக 7,000 ரூபாய்தான் கட்ட முடிகிறது என்றால் 39 தவணை ஆகும். 4,770 ரூபாய்க்குக் கீழே போனால் கடன் குறையவே குறையாது, ஏறிக்கொண்டே போகும்.

எஸ்டேட் மேற்பார்வையாளர்: எங்கள் எஸ்டேட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கூட்டி வருகிற ஆள் ரயில் செலவு, முன்பணம் என்று எழுதிக்கொண்டு, வாராவாரம் கூலியில் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அவர்கள் ஆறு மாதத்தில் கடனைத் தீர்த்துவிடுகிறார்கள். உங்கள் தம்பிக்கு மட்டும் ஏன் இத்தனை மாதம் ஆகிறது?

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: ஐயா, அவர்கள் வாங்கும் முன்பணம் சில ஆயிரம், அதற்கு வட்டியும் பெரும்பாலும் எழுதுவதில்லை. இங்கே அசலே அவர்களுடையதைப் போலப் பல மடங்கு, வட்டியோ மாதாமாதம் ஓடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கூடலூர் மலர்: என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனபோது நாங்களும் மூன்று வட்டிக்குத்தான் வாங்கினோம். ஐயாவின் கணக்கு சரிதான், ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடன் கொடுத்தவர் மாதாமாதம் கொடுப்பதை அசலில் கழிக்கவில்லை. "வட்டியை மட்டும் கொடுங்கள், அசலை மொத்தமாகக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவருடைய நீளமான நோட்டில் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் தேதிக்கு எதிரே வட்டித் தொகையும் அவர் கையெழுத்தும் இருக்கும். மேலே எழுதிய அசல் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். போதாததற்கு முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணத்தையே எண்ணிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: அம்மா சொல்வது மிகவும் முக்கியமானது, நான் அதை யோசிக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் வட்டி 4,500 ரூபாயாகவே நிற்கும். மாதம் 5,500 ரூபாயைத்தான் தனியே சேர்த்துவைக்க முடியும். ஏறிய வட்டியோடு 1,59,000 ரூபாய் சேர 29 மாதம், ஆரம்பத்து இரண்டு மாதத்தோடு 31 ஆகும். ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதம் கழித்துத்தான் கடன் தீரும். ஆகவே கடன் கொடுப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வட்டி எவ்வளவு என்பதல்ல, பகுதிப் பகுதியாக அசலைக் கழிப்பாரா என்பதுதான்.

ஊட்டி டிராவல்ஸ்: இந்தத் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். 1,50,000 ரூபாயை யாரும் சும்மா வாங்குவதில்லை. விசாவுக்கு அங்கே கொடுக்க வேண்டும், டிக்கெட், மருத்துவம், பயிற்சி எல்லாம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர் அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கக் கூடாதா?

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: கூடாதுதான். பதிவுபெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. அதற்கு ரசீதும் தர வேண்டும். இந்த 35,400 ரூபாயை இதே மூன்று வட்டிக்கு வாங்கினாலும், இரண்டு மாதம் பொறுத்து நான்கு தவணை கட்டினால் 400 ரூபாய்தான் பாக்கி இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடிகிற கடனை 24 மாதத்துக்கு இழுப்பது தம்பியின் சம்பளமல்ல, அந்தக் கூடுதல் தொகைதான்.

ஊட்டி டிராவல்ஸ்: சட்டம் அப்படிச் சொல்லலாம். அந்தத் தொகைக்கு வேலை கிடைக்காது என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். இவருடைய தம்பி வேலையை விட்டால், அடுத்தவர் அதே தொகையைக் கொடுத்துப் போய்விடுவார்.

கூடலூர் மலர்: அண்ணா, அடுத்தவர் போகலாம். என் வீட்டுக்காரரும் அப்படிப் போன அடுத்தவர்தான். அங்கே போன பிறகு ஊரில் சொன்ன சம்பளத்தில் பாதி ஓவர்டைம் என்று தெரிந்தது. ஓவர்டைம் இல்லாத மாதங்களில் அனுப்பியது வட்டிக்கே போதவில்லை. கோத்தகிரி அண்ணன், ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்று தனியாக என்ன போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அங்கே இறங்கியதும் வேறொரு தாளில் கையெழுத்துக் கேட்டால், அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கோத்தகிரி அண்ணன்: ஒப்பந்தத்தில் 1,000 என்று தனியாகத்தான் போட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: நல்லது. கத்தாரில் 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. நிறுவனம் சாப்பாடு தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 ரியால் கூடுதலாகத் தர வேண்டும். ஆகவே தங்குமிடத்தை நிறுவனமே தருகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் 10,000 கணக்கு நிற்காது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை வாங்கி emigrate.gov.in தளத்தில் சரிபாருங்கள். பெயர் அங்கே இல்லையென்றால், அவர் பதிவு இல்லாதவர், பதிவுபெற்ற ஒருவருக்குக் கீழே ஆள் பிடித்துக் கொடுப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு எந்தக் கட்டணமும் வாங்க உரிமை இல்லை.

குன்னூர் வாசகர்: நகையை வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வாங்கினால் என்ன ஆகும் ஐயா?

ஓய்வுபெற்ற கணக்காளர், கோத்தகிரி: அசலைக் கழித்துக்கொண்டே வந்தால் 17 தவணை, இரண்டு மாதத்தோடு 19. உங்கள் முதல் கணிப்புக்கு அருகில்தான் வருகிறது. ஆனால் வருடம் முடிந்ததும் திருப்பவோ, வட்டி கட்டி மாற்றி வைக்கவோ வேண்டும். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். யார் நகை என்பதையும் யோசிக்க வேண்டும்.

கோத்தகிரி அண்ணன்: அம்மாவின் நகைதான் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்கிறார். ரசீது 30,000 ரூபாய்க்குத்தான் தருவாராம், மீதியைக் கையில் கொடுக்கச் சொல்கிறார். தம்பி ஏற்கெனவே பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான்.

கூடலூர் மலர்: முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள், அண்ணா. பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.