உரக்கடைக் கணக்கு: நாட்காட்டி நினைவூட்டலா, தானியங்கி வேலையா?

நீடாமங்கலம் உரக்கடை: மாதாமாதம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். சனிக்கிழமைதோறும் கடைக் கணக்கைப் பென்டிரைவில் நகலெடுக்க வேண்டும். இரண்டும் மறந்துபோகின்றன. கணினியே தானாகச் செய்யும்படி அமைத்துத் தருகிறேன் என்கிறான் அக்காள் மகன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டல் வைத்தால் போதாதா?

கும்பகோணம் மாணவன்: போதாது ஐயா. சம்பா நடவு நேரத்தில் யூரியாவுக்கு ஆட்கள் நிற்கும்போது கைப்பேசி ஒலித்தால் விரலால் தள்ளிவிடுவீர்கள், அத்தோடு மறந்துபோகும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் Task Scheduler விண்டோஸிலேயே இருக்கிறது. கணக்குக் கோப்புறையைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கும் இந்த ஒரு வரி சனி இரவு 9 மணிக்கு ஓடினால் போதும்:

```
robocopy D:\kanakku E:\nagal /E
```

Last Run Result என்ற இடத்தில் 0x0 என்று இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

தஞ்சை கணக்கர்: தம்பி, கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது. மற்ற நிரல்களுக்கு 0 என்றால் வெற்றி. robocopy அப்படியல்ல. கோப்புகளை நகலெடுத்திருந்தால் 1 என்று சொல்லும். நகலெடுக்க எதுவும் இல்லை என்றால்தான் 0. எட்டும் அதற்கு மேலும் தோல்வி.

என்னிடம் கணக்கு பார்க்கும் ஓர் அரிசி ஆலையில் இதே வரியை வைத்திருந்தார்கள். இடையில் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது, தரவு வேறு கோப்புறைக்குப் போய்விட்டது. பழைய கோப்புறை அப்படியே கிடந்தது. நான்கு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் 0x0. ஹார்ட் டிஸ்க் போன பிறகு பென்டிரைவைத் திறந்தால் பழைய கணக்குதான் இருந்தது. அந்த நான்கு மாதக் கொள்முதலையும் காகிதச் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றினோம். நினைவூட்டலைத் தவறவிட்டால் வேலை நடக்கவில்லை என்பதாவது நமக்குத் தெரியும். இங்கே நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

நம் ஊர் மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். Conditions பக்கத்தில் "Start the task only if the computer is on AC power" என்பது தொடக்கத்திலேயே தேர்வாகியிருக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடினால் வேலை தொடங்காது. கணினி அணைந்திருந்து தவறிய வேலையைப் பிறகு செய்யச் சொல்லும் "Run task as soon as possible after a scheduled start is missed" என்பதோ தேர்வாகியிருக்காது. நாம்தான் குறியிட வேண்டும்.

ஜிஎஸ்டி வேலையை எந்த நிரலிடமும் விடாதீர்கள் ஐயா. ரசீதுகளைச் சரிபார்த்து, ஓடிபி போட்டு, நீங்களோ உங்கள் கணக்கரோ உட்கார்ந்து செய்ய வேண்டியது அது. அதற்கு நினைவூட்டலே சரி.

கோட்டூர் விவசாயி: எனக்கும் இதே தொல்லைதான். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று ஆண்டுதோறும் வரும்படி நாட்காட்டியில் போட்டு, அதற்கு முந்தைய வாரம் விதை எடுக்க நினைவூட்டல் வைத்திருந்தேன். 2022இல் மே 24லேயே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28தான். நினைவூட்டல் மட்டும் அதே நாளில் அடித்தது. இதைத் தானியங்கி ஆக்க வழி உண்டா?

தஞ்சை கணக்கர்: உங்கள் வேலை தேதியைச் சார்ந்ததே அல்ல, தண்ணீரைச் சார்ந்தது. திறப்பு அறிவிப்பு வந்த அன்று, அந்த ஆண்டுக்கு மட்டும் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். தானியங்கியும் அதே தவறான தேதியில்தான் ஓடும்.

கும்பகோணம் மாணவன்: robocopy எண் எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் நகலெடுப்பதை மனிதரிடம் விடுவதை ஏற்கமாட்டேன். ஐயாவே மறந்துபோகிறது என்றுதானே எழுதியிருக்கிறார்?

தஞ்சை கணக்கர்: நியாயம்தான். தானாக ஓடட்டும், ஆனால் மாதம் ஒருமுறை பென்டிரைவைத் திறந்து, கடைசிச் சனிக்கிழமை விற்பனை அதில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நினைவூட்டலும் வேண்டும். கணக்கு மென்பொருளை மூடிய பிறகுதான் நகலெடுக்க வேண்டும். திறந்திருந்தால் கோப்பு அரைகுறையாக வரலாம். கடை பூட்டும்போது கணினியையும் அணைத்துவிடுபவருக்கு இரவு 9 மணி பொருந்துமா என்பதையும் யோசியுங்கள். சனிக்கிழமை பூட்டும் முன் கையால் நகலெடுத்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. எனவே உரக்கடைக்கு நான் நினைவூட்டலைத்தான் சொல்வேன்.

கூகுள் நாட்காட்டியில் நிகழ்வாகப் போடாமல் Task ஆகப் போடுங்கள். நிகழ்வின் அறிவிப்பைத் தள்ளிவிட்டால் போய்விடும். Task முடிந்ததாகக் குறிக்கும்வரை நிலுவையில் நிற்கும். ஜிஎஸ்டிக்கு 20ஆம் தேதியே வைக்காமல் 15இல் வையுங்கள். ஒரு ரசீது குறைந்தாலும் தேட நாள் இருக்கும்.

கும்பகோணம் மாணவன்: நிலுவையில் நின்றாலும் பார்க்காமல் விடலாமே.

நீடாமங்கலம் உரக்கடை: தம்பி சொல்வது என் விஷயத்தில் உண்மைதான். ஆனால் நான்கு மாதம் 0x0 என்பதைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. 9ஆம் தேதியும் 15ஆம் தேதியும் காலை 7 மணிக்கு, கடை திறக்கும் முன், Task வைத்துவிட்டேன். சனிக்கிழமைக்கும் ஒன்று வைத்தாயிற்று. அக்காள் மகன் ஏற்கெனவே ஏதோ அமைத்துவிட்டுப் போயிருக்கிறான். பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். கடைசிக் கோப்பின் தேதி ஆடி மாதத்தோடு நிற்கிறது. அவனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.