புனலா, சல்லடையா?

மாலதி:
ஒரு துணிக்கடைத் தளத்தின் வாராந்திர அறிக்கையைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ‘கன்வெர்ஷன் ஃபனல்’ என்ற தலைப்பில்தான் சிக்கல். போன வாரம் முதன்முறை வந்தவர் 1000, துணியைத் திறந்து பார்த்தவர் 420, கூடையில் போட்டவர் 90, பணம் கட்டப் போனவர் 50, வாங்கியவர் 21. ‘மாற்றப் புனல்’ என்று போட்டேன். கடைக்காரர் "மதமாற்றமா?" என்கிறார்.

சண்முகம்:
புனல் என்றால் நீர், அம்மா. சோழநாடு புனல்நாடு. எண்ணெய் ஊற்றும் கருவிக்கு அந்தப் பெயர் ஆங்கில ஒலியைக் கேட்டு வந்ததோ என்று எனக்கு வெகுநாள் ஐயம். உள்ளீடற்ற குழாய்க்குப் ‘புழல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘கல்லாப் புழல்’ எனலாம்.

ரஃபீக்:
ஐயா, சென்னையில் புழல் என்றால் ஜெயில். கல்லா என்றால் படிக்காதவன் என்றும் பொருள் வரும். அப்புறம், என் தளத்தில் கூடையைவிட வாங்கியவர் அதிகம். இதற்கு என்ன பெயர்?

செல்வம்:
‘உடனே வாங்கு’ பொத்தான் வைத்திருப்பீர்கள், அது கூடையைத் தொடாமலே போய்விடும்.

ஜெயந்தி:
புனலில் ஊற்றியதெல்லாம் கீழே வந்துவிடும். இங்கே படிக்குப் படி ஆள் உதிர்கிறார்கள். ‘சல்லடை’ போடலாமே?

சண்முகம்:
சலித்தால் கீழே விழும் மாவுதான் வேண்டும், மேலே தங்குவது கப்பி. வாங்கியவர் மாவா, கப்பியா?

செல்வம்:
பெயர் இருக்கட்டும். மாலதி, அந்த 21 பேரும் அந்த 1000 பேருக்குள் வருவார்களா? ஞாயிறு வந்து பார்த்துவிட்டுச் செவ்வாய் வாங்கினால் வருகை ஒரு வாரம், வாங்கல் அடுத்த வாரம். இன்னொன்று, வாங்கியபின் வரும் நன்றிப் பக்கத்தை மறுபடி திறந்தால், வருகையை எண்ணும் கருவிக்கு `purchase` என்ற நிகழ்வு இன்னொரு முறை போகும். கூடவே ஆர்டரின் அடையாள எண்ணான `transaction_id` போனால்தான் பழைய ஆர்டர் என்று கருவிக்குத் தெரியும். கடையின் ஆர்டர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

மாலதி:
பார்த்தேன். பட்டியலில் 19 ஆர்டர்தான், ஆளுக்கு ஒன்று. `transaction_id` அனுப்பவே இல்லையாம். அந்த 19 பேரில் 6 பேர் முந்தைய வாரமே வந்தவர்கள். ஆக, 1000 பேரில் இதுவரை வாங்கியவர் 13. நான் 2.1 சதவீதம் என்று எழுதியிருந்தேன், 1.3தான் வருகிறது.

செல்வம்:
அந்த 13-ம் முடிந்த கணக்கில்லை. மீதிப் பேரில் சிலர் அடுத்த வாரம் வாங்கலாம். வந்த வாரப்படி ஆட்களைத் தொடர்வதா, அந்த வாரத்து நிகழ்வுகளை மட்டும் எண்ணுவதா என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

ஜெயந்தி:
அப்படியானால் ‘வாங்கும் வழி’?

ரஃபீக்:
அதற்கே என் ஓட்டு. கடைக்காரருக்குப் புரியும்.

மாலதி:
‘வருகை முதல் வாங்கல் வரை’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். படம் அந்த வடிவில் இருப்பதால் அதன் ஓரத்தில் மட்டும் ‘புனல்’. கீழே, ‘இந்த வாரம் வாங்கியவர் எல்லோரும் இந்த வாரம் முதன்முறை வந்தவர் அல்லர்’ என்று ஒரு வரி.

சண்முகம்:
நாலு சொல் சேர்ந்தால் வாக்கியத் துண்டு, கலைச்சொல் ஆகாது. புழல் பற்றித் தனியாக எழுதுகிறேன்.