பார்வைக் குறைபாடு 9.64 லட்சம், பத்து வருசத்துல 1.27 லட்சம்: எதை நம்புறது?

வைகைக்கரை:
தமிழ்நாட்டுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க 2001 சென்சஸ்ல 9,64,063. 2011 சென்சஸ்ல 1,27,405. மதுரைக் கண் ஆஸ்பத்திரிகளோட சாதனைன்னு ஒருத்தர் எழுதி, அதை ஆயிரம் பேர் பகிர்ந்திருக்காங்க. படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. எட்டு லட்சம் பேருக்குப் பத்து வருசத்துல கண்ணு தெரிஞ்சிருச்சா? மாவட்டக் கணக்கும் சர்வே கணக்கும் ஏன் எப்பவும் ஒட்ட மாட்டேங்குது?

மேலூரான்:
ஏன் தெரியக் கூடாது? அரவிந்த் 1976ல 11 படுக்கையோட இந்த ஊர்ல ஆரம்பிச்சது. இன்னைக்கு ஊர் ஊரா முகாம் போட்டு, பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி, புரை எடுத்துத் திருப்பிக் கொண்டாந்து விடுறாங்க. நம்ம ஊர்ப் பெருமையைச் சொன்னா உங்களுக்கு எங்க வலிக்குது?

கணக்கப்பிள்ளை:
ஆபரேஷன் நடந்ததை யாரும் இல்லைங்கல. ஆனா இந்த எண் குறைஞ்சது அதனால இல்ல. 2001ல கணக்கெடுக்கப் போனவங்க கையில இருந்த விளக்கக் கையேட்டைப் படிங்க. பார்வை மங்கலா இருக்கு, ஆனா கண்ணாடி போட்டா சரியாகுமான்னு சோதிச்சுப் பார்க்க வாய்ப்பே கிடைக்கலைன்னா, அவங்களையும் பார்வைக் குறைபாட்டுல சேர்க்கணும்னு அதுல இருக்கு. ஒரு கண்ணு மட்டும் நல்லாத் தெரியுறவங்களும் சேர்த்தி. உசிலம்பட்டிப் பக்கம் அறுபது வயசு அம்மா, கண்ணாடியே போட்டதில்ல, ஊசியில நூல் கோர்க்க முடியல, தூரத்து ஆள் மங்கல். அவங்களுக்குப் பார்வைக் குறைபாட்டுக்கான எண் 1ன்னு குறிச்சா அது விதிப்படி சரி. இப்படி எத்தனை கிழவன் கிழவி இருப்பாங்க, நெனச்சுப் பாருங்க. அந்தக் கண்ணாடி வரிதான் எல்லாம்.

திருமங்கலம்_செல்வி:
மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு 40 சதவீதம் குறைபாடு வேணும்கிறாங்களே, ஒரு கண்ணு போனவங்களுக்கு அது கிடைக்குமா? சென்சஸ்ல பேர் இருந்தா உதவித்தொகை வருமா?

கணக்கப்பிள்ளை:
இல்லம்மா. சென்சஸ்ல சொன்னது யாருக்கும் சான்று ஆகாது, ரகசியம். அட்டைக்கு டாக்டர் அளந்து சதவீதம் போட்டுத் தரணும், அதுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகணும். சென்சஸ்ல டாக்டரும் கிடையாது, சதவீதமும் கிடையாது. வீட்டுல இருக்கிறவங்க சொல்றதுதான் பதிவாகும். அட்டை எண்ணிக்கையைச் சென்சஸோட ஒப்பிடுறதும் தப்பு.

மேலூரான்:
பேச்சை மாத்தாதீங்க. ஆபரேஷனால குறையலைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

கணக்கப்பிள்ளை:
பக்கத்து வரியைப் பாருங்க. அதே தமிழ்நாட்டுல காது கேளாதவங்க 2001ல 72,636, 2011ல 2,20,241. மூணு மடங்கு. பத்து வருசத்துல ஊரே செவிடாயிருச்சா? 2001ல காதுக் கருவி வச்சுக் கேட்டா குறைபாடு இல்லன்னு விதி. 2011ல கருவி வச்சிருந்தாலே கணக்குல உண்டு, சாதாரணப் பேச்சு கேட்கச் சிரமப்பட்டாலும் உண்டு. விதி மாறுச்சு, எண் மாறுச்சு. கண்ணுக்கும் அதே கதைதான்.

தெற்குவாசல்:
அண்ணே, நீங்க பாதிதான் சொல்றீங்க. கண்ணாடி போட்டுச் சோதிக்க வாய்ப்பில்லாதவங்களைச் சேர்க்கணுங்கிற வரி 2011 கையேட்டுலயும் இருக்கு. அப்ப அந்த வரியால எப்படி எட்டு லட்சம் குறையும்?

மேலூரான்:
கேட்டுக்கங்க!

கணக்கப்பிள்ளை:
இருக்கு, மறுக்கல. ஆனா 2011ல அதுக்குப் பக்கத்துலயே ஒரு சோதனையும் சொல்லியிருக்காங்க: நல்ல வெளிச்சத்துல பத்தடி தூரத்துல கைவிரலை எண்ண முடியுதான்னு பார்க்கணும். உசிலம்பட்டி அம்மா எண்ணிருவாங்க. அதைவிடப் பெருசு கேள்வி அமைப்பு. 2001ல 15ஆவது கேள்வி ஒண்ணுதான், குறைபாடு இருந்தா எண்ணைப் போடு. 2011ல 9ஆவது கேள்வியை மூணாப் பிரிச்சாங்க. இவருக்கு மன, உடல் குறைபாடு உண்டா இல்லையான்னு முதல்ல. உண்டுன்னா என்ன வகை. பல வகைன்னா மூணு வரைக்கும். முதல் கேள்விக்கே அந்தம்மா மகன் "அதெல்லாம் இல்ல சார், வயசாயிருச்சு அவ்வளவுதான்"னு சொன்னா மீதி ரெண்டும் கேட்க வழியே இல்ல. கண்ணாடி வரிக்கு வேலையே வராது.

தெற்குவாசல்:
அப்ப கண்ணாடி வரிதான் எல்லாம்னு முதல்ல ஏன் சொன்னீங்க?

கணக்கப்பிள்ளை:
2001ல எண்ணை ஏத்துனது கண்ணாடி வரி. 2011ல எறக்குனது முதல் கேள்வி. ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

ஆனையூர்_பாண்டி:
மதுரை மாவட்டத்தைப் பிரிச்சதை எல்லாரும் மறந்துட்டீங்க. தேனி போயிருச்சுல்ல, அதனாலதான் நம்ம எண் குறைஞ்சது.

கணக்கப்பிள்ளை:
தம்பி, தேனி பிரிஞ்சது 1996ல. 2001க்கும் 2011க்கும் மதுரை எல்லை அப்படியேதான். 25,78,201 பேர் 30,38,252 ஆனாங்க. கிருஷ்ணகிரி, திருப்பூர் மாதிரி நடுவுல பிரிஞ்ச மாவட்டத்துக்கு வேணா உங்க பேச்சு பொருந்தும்.

ஆனையூர்_பாண்டி:
ஊனமுற்றோர்னு கேட்டா யாரு "ஆமா"ம்பாங்க? மாற்றுத்திறனாளின்னு கேட்டிருந்தா எண் கூடியிருக்கும்.

மேலூரான்:
வார்த்தையை மாத்துனா கண்ணு தெரியாமப் போயிருமா?

ஆனையூர்_பாண்டி:
மரியாதையாக் கேட்டா மனுசன் உண்மையைச் சொல்வான். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கிற வீட்டுல வாசல்ல நின்னு அப்படிக் கேட்டா, நீங்க சொல்வீங்களா?

வைகைக்கரை:
சர்வேயைப் பத்தி யாராவது சொல்லுங்க. 2018ல தேசிய மாதிரி ஆய்வு இந்தியா முழுக்க எல்லா வகைக் குறைபாடும் சேர்த்து 2.2 சதவீதம் பேர்னு சொல்லுச்சு. 2011 சென்சஸும் 2.21. அப்ப ஒத்துப்போகுதே?

தெற்குவாசல்:
அந்த ஒற்றுமையை நம்பாதீங்க. 2011 சென்சஸ்ல குறைபாட்டு வகைக்கு எட்டு எண்தான். 2018 ஆய்வு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட பட்டியலை வச்சு நடந்தது. கேட்ட பொருளே வேற. அதோட அதை மாவட்டத்துக்கு எறக்கக் கூடாது. ஒரு பேச்சுக்கு மதுரையில சர்வேக்குச் சிக்குனது 2,000 பேர்னு வைங்க. ரெண்டு சதவீதம்னா 40 பேர். அந்த நாப்பது பேரை வச்சு மாவட்டத்துக்குப் பேசுனா, உண்மை 1.4க்கும் 2.6க்கும் நடுவுல எங்க வேணா இருக்கும். 30 லட்சம் சனத்துக்கு அது 42,000ல இருந்து 78,000. இதுவும் ஆளுக்கு ஆள் தனித்தனியாப் பொறுக்கி எடுத்தாத்தான். சர்வேயில ஊரைப் பொறுக்கி, அந்த ஊர்ல வீடு வீடாப் பட்டியல் போட்டு, குறைபாடு உள்ள வீட்டைத் தனியாப் பிரிச்சு எடுக்கிறாங்க. விழுந்த ஊர்ல அப்படிப்பட்ட வீடு நாலு கூடக் குறைய இருந்தா மாவட்ட எண்ணே ஆடிரும். மாநிலத்துக்குச் சொல்லத்தான் அந்த சர்வே.

கணக்கப்பிள்ளை:
இது சரி. ஆனா ஒண்ணை விட்டுட்டார். சர்வேக்காரர் இதுக்குன்னே உட்கார்ந்து தோண்டிக் கேட்பார். சென்சஸ் வாத்தியார் பிப்ரவரி 9ல இருந்து 28க்குள்ள தன் பகுதி வீடு பூராவையும் முடிக்கணும், குறைபாடு அதுல ஒரு கேள்வி. 2011ல தமிழ்நாட்டுல "வேறு ஏதாவது"ங்கிற 7ஆம் எண்ணுல மட்டும் 2,38,392 பேர், குறைபாடு உள்ளவங்க மொத்தம் 11,79,963ல அஞ்சுல ஒருத்தர். அவங்களுக்கு என்ன குறைபாடுன்னு இனி யாராலயும் பிரிக்க முடியாது. அந்த 1,27,405ல சேர வேண்டியவங்க கொஞ்சம் பேர் இதுக்குள்ள கிடக்கலாம்.

மேலூரான்:
கிடக்கலாமா? இவ்வளவு நேரம் விதி, வரின்னு அடிச்சுப் பேசிட்டு இப்ப "கலாம்". புரை எடுத்தவங்க எத்தனை பேர் கணக்குல இருந்து போனாங்கன்னு எண்ணைச் சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
சென்சஸ் காரணம் கேட்கல. காரணம் கேட்காத அட்டவணையில இருந்து ஆபரேஷன் எண்ணை எடுக்க முடியாது. நீங்களும் எடுக்க முடியாது, அதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன். காதுக் கணக்குக்கு இன்னும் பதில் வரல.

மேலூரான்:
நான் பேசுறது கண்ணைப் பத்தி.

தெற்குவாசல்:
கண்ணாடி வரி ரெண்டு கையேட்டுலயும் இருக்கு. அதுக்கும் இன்னும் பதில் வரல அண்ணே.

திருமங்கலம்_செல்வி:
அட்டைக்கு எந்தக் கிழமை டாக்டர் பார்ப்பாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.