முகம் நினைவிருக்கிறது, பெயர் தெரியவில்லை: எப்படித் தேடுவது?

வணக்கம். ஒரு துணை நடிகரை 2 படங்களில் பார்த்த நினைவு அப்படியே இருக்கிறது. ஒன்றில் தபால்காரர், இன்னொன்றில் நீதிபதி. ஐஎம்டிபியின் Advanced Name Search பக்கத்தில் இரண்டு படங்களையும் கொடுத்து, இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் எடுத்தேன். தொழில்நுட்பக் கலைஞர்களைக் கழித்ததும் 4 நடிகர்கள் மிஞ்சினார்கள். இருவரின் புகைப்படம் இருக்கிறது, நான் தேடுபவர் அவர்களில் இல்லை. மற்ற இருவருக்குப் புகைப்படமே இல்லை, பாத்திரப் பெயரும் இல்லை. அவர்கள் தனித்தனியாக நடித்த வேறு படங்களைப் பார்த்து முகத்தை ஒப்பிடப் போகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு பக்கங்கள் இருந்தால், அவர் இரண்டு படங்களுக்கும் பொதுவான பெயராக வரவே மாட்டாரே! சிறு வேடம் என்று பட்டியலிலேயே விடுபட்டிருந்தாலும் அதே கதிதான். அப்படிப்பட்டவரை எப்படிப் பிடிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.