குறைந்த வோல்டேஜில் 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார்: எந்தப் பாதுகாப்பு சரி?

நண்பர்களே, விவரம் தெரிந்தவர்களின் உதவி தேவை. 415 வோல்ட், 8.5 ஆம்பியர் என்று பெயர்ப்பலகை கொண்ட மும்முனை மோட்டார் இது. மாலையில் மின்னழுத்தம் 335 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் 10 ஆம்பியரைத் தாண்டி, ஓவர்லோடு ரிலே சில நிமிடங்களில் துண்டித்துவிடுகிறது. பம்பின் சுமை ஏறக்குறைய மாறாததால், குறைந்த வோல்ட்டை மோட்டார் கூடுதல் ஆம்பியரால் ஈடுகட்டுகிறது, சுருள் சூடாகிறது.

ரிலேயை 11 ஆம்பியருக்கு உயர்த்தச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சுருளைக் காப்பதே அதுதான், அது 8.5இல்தான் இருக்க வேண்டும்.

தொடக்கம் இன்னும் மோசம். ஸ்டார்ட் செய்யும்போது 290 வோல்ட்டாக விழுந்து காண்டாக்டர் படபடக்கிறது. முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 290இல் கிடைப்பது பாதிக்கும் குறைவு. ஸ்டார்-டெல்டாவின் ஸ்டார் நிலையில் அதிலும் மூன்றில் ஒரு பங்கே. மோட்டார் வேகம் பிடிக்காமலே டெல்டாவுக்கு மாறி, மறுபடி பெரும் மின்னோட்டம் இழுக்கிறது.

குறைவழுத்த ரிலேயை 350 வோல்ட்டில் வைக்க நினைக்கிறேன். தொடக்கச் சரிவுக்கே அது துண்டிக்காதிருக்க எத்தனை வினாடி தாமதம் தரலாம்? மின்சாரம் திரும்பியதும் குழாய் நீர் இறங்கும்வரை காத்திருக்கும் டைமர் தனியாக வேண்டுமா?

சர்வோ ஸ்டெபிலைசரும் யோசனையில் உள்ளது. ஆனால் அது மோட்டாருக்கு 415 கொடுக்க, கம்பியிலிருந்து 10.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நீண்ட கம்பியில் வோல்டேஜ் இன்னும் சரியாதா? பயன்படுத்தியவர்கள் அளந்த எண்களோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.